சீட்டு, நகை, கைமாத்து: அப்பாவோட பென்ஷன் கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்க

உங்க அப்பா தனியார் வேலையில் இருந்தவரா, இல்ல சொந்தமா கடை வச்சிருந்தவரா? அப்படின்னா அவரோட ஓய்வுக்காலத் திட்டம் என்னன்னு ஒருநாள் கேட்டுப் பாருங்க. "திட்டம் என்னடா திட்டம்? மாசாமாசம் சீட்டு போகுது, அம்மாகிட்ட நகை இருக்கு, மாமாவுக்குக் கொடுத்தது வரவேண்டியிருக்கு" என்பார். தமிழ்நாட்டில் பென்ஷன் இல்லாத பெரும்பாலான வீடுகளில் பதில் இதுதான்.

எங்கள் தொழிலில் பலர் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சீட்டுப் பணம் கட்டாவிட்டால் தெருவில் மானம் போகும் என்பதால்தான் அப்பா 25 வருஷம் தவறாமல் சேமித்தார். நகையாகப் பூட்டி வைத்ததால்தான் அந்தப் பணம் செலவாகாமல் இருந்தது. எந்த ஆப்பும் இவ்வளவு கறாராக யாரையும் சேமிக்க வைத்ததில்லை. என் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மூன்றிலும் பணத்தைப் போடுவது சுலபம். வயதான காலத்தில் மாதாமாதம் எடுத்துச் சாப்பிடுவதுதான் கஷ்டம். எடுக்க முடியாமல் போனால் அந்த மாதச் செலவு யார் தலையில் விழும்? உங்க சம்பளத்தில்தான். அதனால் இது உங்க கணக்கும்தான்.

முதலில் சீட்டு. "கடைசி வரை தள்ளாமல் இருந்தால் நல்ல லாபம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். அது எப்போது உண்மை என்று பார்ப்போம். 20 பேர், மாதம் 5,000 ரூபாய், 20 மாதம், 1 லட்சம் ரூபாய் ஏலச்சீட்டு. நடத்துபவருக்கு 5 சதவீதம் கமிஷன், அதாவது மாதம் 5,000. (2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு சட்டம் 7 சதவீதம் வரை அனுமதிக்கிறது. கமிஷன் மேல் வரும் ஜிஎஸ்டியை எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.) ஏலத்தில் யார் அதிகக் கழிவுக்குத் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. கழிவில் கமிஷன் போக மீதியை 20 பேருக்கும் பிரித்து, அந்த மாதத் தவணையில் குறைத்துவிடுவார்கள்.

முதல் ஏலம் 30,000 கழிவுக்குப் போகிறது, மாதாமாதம் சீராகக் குறைந்து கடைசி மாதம் வெறும் கமிஷன் 5,000-ல் நிற்கிறது என்று வையுங்கள். சராசரிக் கழிவு 17,500. கமிஷன் போக 12,500. ஆளுக்கு மாதம் 625 ரூபாய் கிடைக்கும். கடைசி வரை காத்திருந்தவர் மொத்தம் கட்டியது 87,500. கையில் வாங்குவது 95,000. வருஷக் கணக்கில் போட்டால் ஏறக்குறைய 11 சதவீத வட்டி. பேங்க் டெபாசிட்டை விட நல்லதுதான்.

அதே சீட்டு, அதே நடத்துநர். ஆனால் இந்தக் குழுவில் யாருக்கும் அவசரம் இல்லை. முதல் ஏலமே 15,000-க்குத்தான் போகிறது, பிறகு குறைந்து 5,000 வருகிறது. சராசரிக் கழிவு 10,000. கமிஷன் போக 5,000, ஆளுக்கு 250 ரூபாய். கடைசி ஆள் கட்டியது 95,000. வாங்குவதும் 95,000. 20 மாதம் காத்திருந்ததற்கு ஒரு ரூபாய்கூட இல்லை!

இதைக் கொஞ்சம் நின்று யோசிங்க. சீட்டில் லாபம் தானாக வளர்வதில்லை. அதே குழுவில் இன்னொருத்தர் ஆஸ்பத்திரிக்கோ, கடைச் சரக்குக்கோ, காலேஜ் ஃபீசுக்கோ அவசரப்பட்டு 30,000 விட்டுக்கொடுத்ததுதான் உங்க அப்பாவின் 11 சதவீதம். லாபம் அதிகமாக வேண்டும் என்றால் பணமுடையில் இருப்பவர்கள் குழுவில் நிறையப் பேர் இருக்க வேண்டும். பணமுடையில் இருப்பவர்தான் எடுத்த பிறகு தவணை கட்டாமல் நிறுத்துகிறவரும். லாபமும் ஆபத்தும் ஒரே ஆளிடமிருந்து வருகின்றன. ரிட்டயர் ஆனவர்கள் மட்டும் சேர்ந்து ஒரு சீட்டு போட்டால் பத்திரமாக இருக்கும், ஆனால் கமிஷன் கட்டுவதைத் தவிர பெரிதாக ஒன்றும் நடக்காது.

பதிவு பெற்ற சீட்டில் பாதுகாப்பு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1982-ம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டப்படி நடத்துபவர் முன் அனுமதி வாங்கி, சீட்டைப் பதிவு செய்து, ஒரு சீட்டுத் தொகைக்குச் சமமான பணத்தை ஈடாகக் காட்ட வேண்டும். நம் உதாரணத்தில் அது 1 லட்சம். 20 மாதமும் சேர்த்துச் சுற்றுகிற மொத்தப் பணத்துக்கான காப்பீடு அல்ல அது, ஒரு மாதத்துக்கான ஈடு. பதிவே இல்லாத தெருச் சீட்டில் அதுவும் கிடையாது. அங்கே ஈடு என்பது நடத்துகிற அக்காவின் நல்ல பெயர் மட்டும்தான்.

இன்னொன்றை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நடுவில் அவசரத்துக்குச் சீட்டை எடுத்தால், மீதித் தவணைக்கு ஜாமீன் கேட்பார்கள். பெரும்பாலும் சம்பளக்காரர் ஜாமீன். 60 வயதில், சம்பளம் நின்றுபோன அப்பா ஏலத்தில் ஜெயித்தாலும் ஜாமீன் இல்லாமல் பணம் கைக்கு வராது. அப்போது போன் உங்களுக்குத்தான் வரும்: "சேலரி ஸ்லிப்பும் ஆதாரும் கொண்டு வாப்பா." அப்பாவுக்குப் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. சித்தப்பா மருமகனுக்குப் போடுவதற்கு முன்னால் யோசிங்க. அவர் கட்டாவிட்டால் அந்தப் பாக்கி உங்களுடையது.

அடுத்தது நகை. தங்கத்தின் பலத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். பேங்க், கோர்ட், கையெழுத்து எதுவும் இல்லாமல் அம்மாவின் கையில் நேரடியாக இருக்கிற ஒரே சொத்து அதுதான். ராத்திரி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மறுநாள் காலையில் பணமாக்கிவிடலாம். ஆனால் நகையாக வாங்கும்போது 100 ரூபாய் தங்கத்துக்குச் செய்கூலி, சேதாரம் 12 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி என்று 115 ரூபாய்க்கு மேல் கொடுக்கிறோம். விற்கும்போது கிடைப்பது தங்கத்தின் விலை மட்டும், அதிலும் கழிவு எடுப்பார்கள், அது கடைக்குக் கடை மாறும். விலை ஏறுவது முதலில் இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் போகிறது.

விலை எப்போதும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதும் சமீப வருஷங்களைப் பார்த்து வந்த நினைப்பு. 2012-ல் 10 கிராம் சுத்தத் தங்கம் சுமார் 31,000 ரூபாய். 2018-லும் ஏறத்தாழ அதே 31,000. நடுவில் ஆறு வருஷம் காய்கறி, மருந்து, வாடகை எல்லாம் ஏறின. அந்த ஆறு வருஷத்தில் ரிட்டயர் ஆகி, மூன்று மாதத்துக்கு ஒரு பவுன் விற்றுச் சாப்பிட்ட குடும்பத்தை நினைத்துப் பாருங்க.

உண்மையில் யாரும் அப்படி விற்பதில்லை என்பதுதான் பெரிய சிக்கல். தாலிக்கொடி, பாட்டி போட்டது, அக்காவுக்கு என்று எடுத்து வைத்தது என ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கிறது. அதனால் விற்காமல் அடகு வைக்கிறோம். வருமானம் இல்லாத வீட்டில் அடகு வட்டி கட்டுவது யார்? வட்டி சேர்ந்து, மறு அடகு வைத்து, கடைசியில் ஏல நோட்டீஸ் வரும். ஆடிட்டர் புத்தியில் எனக்கு உறுத்துகிற இன்னொரு விஷயம் இரட்டைக் கணக்கு. வீட்டில் 40 பவுன் இருக்கிறது என்பார்கள். தங்கச்சி கல்யாணத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் 25 பவுன் என்பார்கள். அப்போ வயோதிகத்துக்கு இருப்பது 15 பவுன். ஆனால் இரண்டு பேச்சிலும் 40 பவுனையே சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

மூன்றாவது, சொந்தக்காரர்களுக்குக் கொடுத்த பணம். "நூத்துக்கு ஒண்ணரை வட்டி" என்றால் வருஷம் 18 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும். வட்டி ஒழுங்காக வருகிற வரைக்கும் இது மற்ற இரண்டையும் விடச் சிறந்த பென்ஷன்தான், மாதாமாதம் கையில் பணம். ஆனால் அது ஒரே ஒரு ஆளின் தொழிலையும் உடம்பையும் நம்பி நிற்கிறது. மொய் நோட்டில் 101 ரூபாயைக்கூட பேர், ஊரோடு எழுதி வைக்கிற வீட்டில், மச்சானுக்குக் கொடுத்த 3 லட்சம் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது. இது எனக்கு இன்றைக்கும் புரியாத அதிசயம்.

சட்டம் இங்கே பொறுமை காட்டாது. கடன் கொடுத்த தேதியிலிருந்து, புரோநோட்டு இருந்தால் அதன் தேதியிலிருந்து, மூன்று வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்குள் அவர் "இவ்வளவு தர வேண்டியிருக்கிறது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலோ, கொஞ்சம் கட்டி அதைத் தன் கையெழுத்தோடு குறித்தாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று வருஷம். வாயால் "அடுத்த தை மாசம் தந்துடறேன்" என்று ஐந்து தை மாதம் சொன்னாலும் கணக்கில் வராது. அவர் இறந்துவிட்டால் பிள்ளைகள் பொறுப்பேற்பது அவர் விட்டுப்போன சொத்து அளவுக்குத்தான், அதற்கு மேல் கேட்க முடியாது. 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் கடனை ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை வருமான வரி அபராதமாக வரலாம். அதனால் பேங்க் வழியாகக் கொடுப்பது இரண்டு பக்கத்துக்கும் நல்லது. உங்களுக்கு அதுவே சாட்சியும் ஆகும்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கிற வரை ஒரு விஷயம் தெரியாது. உங்க ஊர் விசைத்தறி ஊர் என்று வையுங்கள். தறி நின்றால் சீட்டில் எடுத்தவர்கள் கட்ட மாட்டார்கள், மாமாவால் வட்டி தர முடியாது, அதே மாதம் அப்பாவும் நகையை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவார். மூன்று இடத்தில் பிரித்து வைத்த மாதிரி தோன்றும். அதில் இரண்டு ஒரே தெருவின் வருமானத்தில்தான் நிற்கின்றன.

அப்பாவிடம் "சீட்டை நிறுத்துங்க" என்று சண்டைக்குப் போகாதீங்க. நிறுத்தவும் வேண்டாம். ஓடுகிற சீட்டு பதிவு பெற்றதா, ஒப்பந்த நகல் வீட்டில் இருக்கிறதா, கடந்த சில மாதங்களில் கழிவு எவ்வளவு போனது என்று மட்டும் பாருங்க. அது முடியும்போது இன்னொரு சீட்டில் சேருவதற்குப் பதில், அந்தத் தொகையை 60 வயதானவருக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடச் சொல்லுங்க. போஸ்ட் ஆபீசிலோ பேங்கிலோ தொடங்கலாம், உச்சவரம்பு 30 லட்சம், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்கில் விழும். சீட்டு சேர்க்கட்டும், இது கொடுக்கட்டும். நகையில் எது யாருக்கு, எது விற்பதற்கு என்று அம்மாவே பிரித்துச் சொல்லட்டும். விற்பதற்கு என்று சொன்னதன் பில்களைத் தேடி எடுத்து வையுங்க, விற்கும்போது லாபத்துக்கு வரி கணக்குப் போட அவை வேண்டும்.

கைமாத்துக்கு ஒரே வேலைதான். புரோநோட்டு இருந்தால் அதை வெளியே எடுத்துத் தேதியைப் பாருங்க. இரண்டரை வருஷம் தாண்டியிருந்தால், அடுத்த விசேஷத்தில் மாமாவைப் பார்க்கும்போது ஒரு பேனாவையும் எடுத்துக்கிட்டுப் போங்க.