பதில் வராத மெயிலுக்கு…

தென்காசியில் பி.காம். படிக்கும் ஒரு மாணவி, குற்றாலத்து ஹோட்டல் ஒன்றின் கணக்குப் பிரிவில் இன்டர்ன்ஷிப் கேட்டு மே 20 அன்று மெயில் அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். ஜூன் 3 ஆகியும் பதில் இல்லை. சாரல் சீசன் நெருங்கும்போது அந்த இன்பாக்ஸில் ரூம் கேட்கும் மெயில்கள்தான் குவியும். அவருடையது அடியில் போயிருக்கலாம். ஒதுக்கிவிட்டார்கள் என்று அர்த்தமில்லை.

முதலில் ஸ்பாம் ஃபோல்டரையும், அனுப்பிய முகவரியில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பிறகு புது மெயில் வேண்டாம். ‘சென்ட்’டில் இருக்கும் பழைய மெயிலைத் திறந்து அதற்கே ரிப்ளை கொடுத்தால், முதல் கடிதமும் கூடவே போகும். ரெஸ்யூமே தானாகப் போகாது. மறுபடி இணைக்க வேண்டும். (பலர் கோட்டை விடுவது இங்கேதான்.)

“வணக்கம். மே 20 அன்று இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். சேரும் நிறுவனத்தின் பெயரை ஜூன் 10-க்குள் கல்லூரியில் தர வேண்டியுள்ளது. இந்த மாதம் வாய்ப்பு உண்டா என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். ரெஸ்யூமேயை மீண்டும் இணைத்துள்ளேன். நன்றி.”

கீழே பெயரும் செல்போன் எண்ணும். “ஏன் பதில் போடவில்லை?” என்ற தொனி எங்கும் வரக்கூடாது. தேதி சொன்னால் போதும், அவசரம் அவர்களுக்கே புரியும்.

மூன்று வேலை நாள் கழித்தும் மௌனம் என்றால், காலை பதினோரு மணிவாக்கில் வரவேற்பறைக்கு ஒரே ஒரு போன்: “கணக்குப் பிரிவில் யாரிடம் கேட்கலாம், சார்?” அதற்குள் தென்காசி ஆடிட்டர் ஆபீஸ் ஒன்றுக்கும் விண்ணப்பம் போயிருக்க வேண்டும்.