பாத்ரூமில் கேஸ் கீசர்: கசிவே இல்லாமல் உயிர் போவது எப்படி?

2023 மார்ச் 8, ஹோலி. உத்தரப் பிரதேசத்தின் முராத்நகரில் வண்ணப்பொடி விளையாடிவிட்டுக் குளிக்கப் போன ஒரு தம்பதி, நெடுநேரமாகியும் வெளியே வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தபோது இருவரும் மயங்கிக் கிடந்தார்கள், உயிர் பிழைக்கவில்லை. காற்றோட்டமில்லாத பாத்ரூமுக்குள் கேஸ் கீசர் இருந்தது.

இப்படிப்பட்ட மரணங்களுக்குச் செய்திகளில் ‘கேஸ் கசிந்து பலி’ என்றே தலைப்பு வரும். அதைப் படிப்பவர், ‘நம்ம வீட்டுல டியூப் புதுசு, வாசனையும் வரல, பயமில்ல’ என்று நினைத்துக்கொள்கிறார். ஆபத்தே அந்த நினைப்பில்தான் இருக்கிறது. பெரும்பாலும் இங்கே கேஸ் கசிவதில்லை. அது எரிகிறது, ஆனால் அரைகுறையாக.

ஐந்து நிமிடக் கணக்கு

ஏற்காட்டில் ஒரு விடுதி அறை என்று வைத்துக்கொள்வோம். பாத்ரூம் 5 அடிக்கு 6 அடி, உயரம் 8 அடி. உள்ளே இருக்கும் காற்று சுமார் 6,800 லிட்டர். சுவரில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வெந்நீர் தரும் சிறிய கேஸ் கீசர். ஆளைப் பார்த்தால் சின்னது. ஆனால் சமையல் அடுப்பின் நான்கைந்து பர்னர்களைச் சேர்த்து எரிப்பதற்குச் சமம். சமவெளியிலேயே அதற்கு நிமிடத்துக்கு 200 லிட்டர் காற்று வேண்டும்.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தை விட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. அதாவது, அதே அறையில் ஆக்ஸிஜன் இருப்பு முதலிலேயே குறைவு. குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தி, வென்டிலேட்டரில் பழைய செய்தித்தாளைத் திணித்திருந்தால் வெளிக்காற்றும் வராது.

சாதாரணக் காற்றில் ஆக்ஸிஜன் 21 சதவீதம். இந்த அறையில் நான்கைந்து நிமிடத்தில் அது 18 சதவீதத்தை நெருங்கிவிடும். அதற்குக் கீழே போகும்போது சுடர் திணறத் தொடங்கும். போதிய ஆக்ஸிஜன் இருந்தால் கேஸில் உள்ள கார்பன், கார்பன் டை ஆக்சைடாக மாறும். இல்லாவிட்டால் பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடு ஆகிவிடும். நீலச் சுடர் மஞ்சளாவதும், கீசரின் மேல் கரி படிவதும் அதன் அடையாளங்கள். பல கீசர்களில் 20 நிமிடத்தில் தானாக அணையும் வசதி இருக்கிறது. ஆனால் இந்த அறைக்கு அது ரொம்பத் தாமதம்.

ஏன் தெரிவதில்லை?

சிலிண்டர் கேஸில் சேர்க்கப்படும் நாற்றம் எரியும்போதே அழிந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அது ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வரும். ‘வெந்நீர் சூடு, அதான்’ என்று தோன்றும். சுதாரிப்பதற்குள் கால்கள் துவண்டுவிடும். கைக்கெட்டும் தாழ்ப்பாளைக்கூடத் திறக்க முடியாமல் போகலாம்.

தப்பியவர்களுக்கும் ஒரு சிக்கல் உண்டு. பாத்ரூமில் மயங்கி விழுந்ததை வலிப்பு என்று நினைத்து மருத்துவம் பார்க்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரும் இங்கே உதவாது. விஷம் ஏறிய ரத்தத்தையும் நல்ல ரத்தமாக எண்ணி 98 என்று காட்டலாம். அதனால் கீசர் ஓடிய அறையில் விழுந்தார் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சாதாரணக் காற்றில் இந்த வாயு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும். முகக்கவசம் வழியாக முழு ஆக்ஸிஜன் தந்தால் சுமார் ஒன்றரை மணி நேரம் போதும்.

எக்ஸாஸ்ட் ஃபேன் போதாதா?

கதவும் ஜன்னலும் மூடியிருக்க, ஃபேன் மட்டும் சுற்றினால் பெரிதாகப் பயனில்லை. வெளியே போகும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழி வேண்டும்: கதவின் அடியில் ஒரு திறப்பு, மேலே அடைபடாத வென்டிலேட்டர். இதுவும் தற்காலிக ஏற்பாடுதான். முழுத் தீர்வு, கீசரையும் சிலிண்டரையும் வெளிச்சுவரில், திறந்தவெளியில் மாட்டி, வெந்நீர்க் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவருவது. அதற்கு ஆகும் செலவு சில அடி பைப்பும் ஒரு பிளம்பரின் அரைநாள் கூலியும். மலையில் அறை வாடகைக்கு விடுபவர்கள் இதைக்கூடச் செய்யாமல் இருக்க நியாயம் எதுவும் இல்லை. விடுதிகளை ஆய்வு செய்யும் அதிகாரிகளும் பாத்ரூம் கதவைத் திறந்து பார்க்க வேண்டும்.

அதுவரை, அறை பதிவு செய்யும்போது வைஃபை இருக்கா என்று கேட்பதோடு இன்னொன்றையும் கேட்கலாம்: “கீசர் கேஸா, கரண்ட்டா? கேஸ்னா எங்க மாட்டியிருக்கீங்க?” உள்ளேதான் என்று பதில் வந்தால், கதவைத் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடியுங்கள். கீசரை அணைத்து, காற்று மாறிய பிறகு கதவைச் சாத்திக் குளியுங்கள்.