எட்டுப் பிள்ளைகளை வைத்துச் சதவீதம் போடாதீர்கள்

சாதாரண தரப் பெறுபேறு வந்த மறுநாளே பட்டியல்கள் சுற்றத் தொடங்கிவிடும். இந்தப் பாடசாலை 100 சதவீதம், அந்தப் பாடசாலை 75, இன்னொன்று 50. முதலாவதுக்கு வாழ்த்துப் பதாகை, கடைசிக்கு "அங்கே என்னதான் படிப்பிக்கினம்?" என்ற கேள்வி. அந்தக் கேள்வி அதோடு நிற்பதில்லை. அடுத்த தைமாதம் நாலு பெற்றோர் பிள்ளையை யாழ்ப்பாணம் டவுனுக்கு மாற்றிவிடுவார்கள். பிள்ளை குறைந்ததால் ஆசிரியர் எண்ணிக்கையைக் குறைப்பார்கள். கடைசியில் பாடசாலையை மூடலாமா என்ற பேச்சும் வரும். அதனால் அந்தச் சதவீதம் எதன்மேல் நிற்கிறது என்று நாம் ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

கரம்பொன்னில் இருந்து எழுதுகிறோம். தீவகத்தில் பிள்ளைகள் குறைந்த பாடசாலைகள் எத்தனை என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 1990களின் இடப்பெயர்வில் போன குடும்பங்களில் பல திரும்பி வரவேயில்லை. வேலணை, புங்குடுதீவு, அனலைதீவு, நெடுந்தீவு எங்கும் ஒரு வகுப்பில் எட்டுப் பிள்ளை, பத்துப் பிள்ளை என்பது புதினம் அல்ல. அப்படிப்பட்ட பாடசாலைக்கும், இருநூறு பேர் பரீட்சை எழுதும் டவுன் பாடசாலைக்கும் ஒரே பட்டியலில் ஒரே மாதிரிச் சதவீதம் போடுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

கணக்குக்காக ஒரு பாடசாலையை எடுத்துக்கொள்வோம். போன வருடம் எட்டுப் பேர் எழுதி நாலு பேர் உயர்தரம் படிக்கத் தகுதி பெற்றார்கள். இந்த வருடமும் எட்டுப் பேர், ஆனால் ஆறு பேர் தகுதி. 50 சதவீதம் 75 ஆகிவிட்டது. "25 சதவீத முன்னேற்றம்" என்று பதாகை அடித்துவிடலாம். உண்மையில் கூடியது இரண்டு பிள்ளைகள்.

இதை வகுப்பறையிலேயே சோதித்துப் பார்க்கலாம். பதினாறு கடதாசித் துண்டுகளை எடுங்கள். பத்தில் "சித்தி" என்றும் ஆறில் "இல்லை" என்றும் எழுதி, மடித்து நன்றாகக் குலுக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு எட்டு எட்டாக இரண்டு குவியல் போடுங்கள். ஒன்று போன வருடம், மற்றது இந்த வருடம். இங்கே ஆசிரியர் மாறவில்லை, படிப்பித்தலும் மாறவில்லை, வெறும் குலுக்கல்தான். இரண்டு குவியலுக்கும் இடையே இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சித்தி வித்தியாசம் எத்தனை தடவை வரும்? பத்துத் தடவைக்கு ஆறு தடவை. அதாவது, நாம் பதாகை அடித்த "முன்னேற்றம்" அளவு வித்தியாசம், ஏற்றமாகவோ இறக்கமாகவோ, ஒன்றுமே நடக்காதபோதும் பாதிக்கு மேற்பட்ட தடவைகளில் தானாக வந்துவிடும். இரண்டு வருடமும் சரிசமமாக வருவதுதான் குறைவு.

"எழுதியதே எட்டுப் பேர்தான், எட்டுப் பேரையும் எண்ணியாச்சு, இதில் என்ன நிச்சயமின்மை?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. "இந்த வருடம் எத்தனை பேர் சித்தி?" என்று மட்டும் கேட்டால், ஆறு பேர் என்பதே முழுப் பதில். ஆனால் பட்டியல் போடுகிறவர் அதைக் கேட்கவில்லை. "எந்தப் பாடசாலை நல்லது? எங்கே என் பிள்ளையை விடலாம்?" என்று கேட்கிறார். அது அடுத்த வருடப் பிள்ளைகளையும் பற்றிய கேள்வி. ஒரு பிள்ளைக்குப் பரீட்சை அன்று காய்ச்சல், இன்னொரு பிள்ளையின் வீட்டில் ஒரு மரணம், ஒரு வருட அணியில் இயல்பாகவே கெட்டிக்காரர் இரண்டு பேர் கூட. இவையெல்லாம் இருநூறு பேருக்குள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். எட்டுப் பேருக்குள் ஒரு பிள்ளையே பன்னிரண்டரை சதவீதம்.

அப்படியானால் எண்ணோடு சேர்த்து அதன் தளம்பலையும் எழுத வேண்டும். அதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. 1998இல் அக்ரெஸ்டி, கூல் என்ற இரண்டு புள்ளிவிபரவியலாளர்கள் காட்டிய வழியைச் சாதாரண கல்குலேட்டரிலேயே செய்யலாம். சித்தியோடு இரண்டைக் கூட்டுங்கள், எழுதியோர் தொகையோடு நாலைக் கூட்டுங்கள். எட்டில் ஆறு இப்போது பன்னிரண்டில் எட்டு ஆகிறது, அதாவது 0.67. சித்தியடையாத பங்கு 0.33. இரண்டையும் பெருக்கினால் 0.22. அதைப் பன்னிரண்டால் பிரித்து வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 0.136. அதை இரட்டித்தால் 0.27. இந்த 0.27ஐ 0.67இல் கழித்தால் கீழெல்லை, கூட்டினால் மேலெல்லை. விடை: ஏறத்தாழ 40 முதல் 94 சதவீதம் வரை. இப்படி எல்லை போட்டுக்கொண்டே போனால், இருபது தடவையில் ஏறக்குறைய பத்தொன்பது தடவை, பாடசாலையின் உண்மையான நீண்டகால வீதம் அந்த எல்லைக்குள் இருக்கும்.

இதே கணக்கை மற்றவற்றுக்கும் செய்து பாருங்கள். எட்டில் நாலு என்றால் 21 முதல் 79 வரை. எட்டில் எட்டு, அந்த மாலை போட்ட 100 சதவீதம், 62 முதல் 100 வரை. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஆனால் இருநூறில் நூற்றைம்பது சித்தியடைந்த டவுன் பாடசாலைக்கு 68 முதல் 81 வரைதான். அதற்கும் 75, எட்டில் ஆறுக்கும் 75. எழுத்து ஒன்று, பெறுமதி வேறு.

இப்போது முழுப் பட்டியலையும் பாருங்கள். பத்துச் சிறு பாடசாலைகள், ஒவ்வொன்றிலும் பத்துப் பேர், எல்லாப் பாடசாலையும் ஒரே தரம், எந்தப் பிள்ளைக்கும் சித்தியடையும் வாய்ப்பு 70 சதவீதம் என்று வைப்போம். அப்படியிருந்தும் அந்தப் பத்துக்குள் குறைந்தது ஒரு பாடசாலை 90 அல்லது அதற்கு மேல் எடுக்க ஐந்தில் நாலு பங்கு வாய்ப்பு உண்டு. குறைந்தது ஒன்று 50 அல்லது அதற்குக் கீழே விழவும் அதே அளவு வாய்ப்பு. ஒரே தரத்தில் உள்ள பத்துப் பேரை வரிசைப்படுத்தி ஒருவருக்கு மாலையும் ஒருவருக்கு வசையும் கொடுக்கிறோம். அடுத்த வருடம் கடைசியில் நின்ற பாடசாலை பெரும்பாலும் தானாகவே மேலே வரும். இடையில் யாராவது வந்து கூட்டம் போட்டு ஏசியிருந்தால், அந்த ஏச்சுத்தான் பலன் தந்தது என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள்.

இந்தப் பொறியில் விழுவது நம் தீவுகள் மட்டுமல்ல. அமெரிக்காவில் சிறிய பாடசாலைகளே சிறந்தவை என்ற எண்ணம் பரவி, 2000களில் கேட்ஸ் அறக்கட்டளை பெரும் பணம் செலவழித்துப் பெரிய பாடசாலைகளைச் சிறிதாக்கியது. ஹவார்ட் வெயினர் என்ற புள்ளிவிபரவியலாளர் சகா ஒருவரோடு சேர்ந்து பென்சில்வேனியாவின் 1,662 பாடசாலைகளை எடுத்துப் பார்த்தார். முதல் 50 இடங்களுக்குள், மிகச் சிறிய 50 பாடசாலைகளில் ஆறு இருந்தன. சாதாரணமாக ஒன்று அல்லது இரண்டுதான் வரவேண்டும். ஆகவே சிறியது சிறந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கடைசி 50 இடங்களுக்குள் பார்த்தால், அதே மிகச் சிறிய பாடசாலைகளில் ஒன்பது இருந்தன. சிறிய பாடசாலை நல்லதும் அல்ல, கெட்டதும் அல்ல. அதன் எண் அதிகம் ஆடுகிறது, அவ்வளவுதான். சிறிதாக்கிய பாடசாலைகள் பலவற்றில் எதிர்பார்த்த முன்னேற்றம் வரவில்லை என்று 2009இல் பில் கேட்ஸே எழுதினார்.

பரீட்சைக்கு மட்டும் உரிய விஷயமும் அல்ல இது. ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கோ வங்கிக்கோ சின்னச் சின்னக் கிளைகள் இருக்கின்றன என்று வையுங்கள். ஒரு கிளையில் முப்பது வாடிக்கையாளர், முறைப்பாடு ஒன்றுமில்லை. இன்னொன்றிலும் முப்பது பேர், ஒரு முறைப்பாடு. முதலாவது "பூச்சியம்", மற்றது "3.3 சதவீதம்" என்று அறிக்கையில் வந்தால் இரண்டாவது கிளை முகாமையாளர் பதில் சொல்ல வேண்டி வரும். ஆனால் பூச்சியத்துக்கும் எல்லை உண்டு. மூன்றை மொத்தத் தொகையால் பிரித்தால் மேலெல்லை ஏறத்தாழக் கிடைக்கும். முப்பதில் பூச்சியம் என்றால் உண்மை வீதம் 10 சதவீதம் வரை இருக்கலாம். பூச்சியம் எடுத்த கிளை உண்மையில் மற்றதை விட மோசமாகவும் இருக்கக்கூடும்.

இதைச் சொன்னால் "அப்போ குறை ஒன்றுமில்லை, எல்லாம் தற்செயல் என்று தப்பப் பார்க்கிறீர்களா?" என்பார்கள். இல்லை. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றால் வித்தியாசம் இல்லை என்று அர்த்தமில்லை. இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்பதே அர்த்தம். கணித ஆசிரியர் இல்லாமல் ஒரு வருடம் போயிருந்தால் அது உண்மையான குறை. ஆனால் அதை நேர அட்டவணையும் வெற்றிடப் பட்டியலும்தான் காட்டும், சதவீதம் காட்டாது. அதேபோல் 100 எடுத்த பாடசாலையிலும் அந்த வெற்றிடம் மறைந்து கிடக்கலாம்.

நாங்கள் கேட்பது மூன்றே விஷயம். இருபது பேருக்குக் குறைவாக எழுதிய இடத்தில் சதவீதம் போடாமல் "8 பேரில் 6" என்றே எழுதுங்கள். வாசிப்பவருக்கு அதுவே பாதி எச்சரிக்கை. ஒப்பிட்டே ஆகவேண்டுமென்றால் மூன்று வருடத்தைச் சேர்த்து, எல்லையோடு போடுங்கள். எட்டில் நாலு, எட்டில் ஆறு, ஒன்பதில் ஏழு என்றால் மொத்தம் 25இல் 17. அதன் எல்லை ஏறத்தாழ 48 முதல் 83. இன்னும் அகலந்தான், ஆனாலும் ஒரு வருட எண்ணை விட நேர்மையானது. இடையில் அதிபரோ ஆசிரியரோ மாறியிருந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள், ஏனென்றால் சேர்த்த எண் அந்த மாற்றத்தை மறைத்துவிடும். மூன்றாவது, எல்லைகள் இவ்வளவு ஏறி நிற்கும் பாடசாலைகளுக்கு முதலாம் இடம், கடைசி இடம் என்று இலக்கம் கொடுக்காதீர்கள்.

பெற்றோரே, பிள்ளையை மாற்றுவதற்கு முன் பாடசாலைக்கு ஒருநாள் வாருங்கள். எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறார், எதற்கு இல்லை, தவறிய அந்த இரண்டு பிள்ளைகளும் எந்தப் பாடத்தில் தவறினார்கள் என்று கேளுங்கள். எட்டுப் பிள்ளைகள் உள்ள இடத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லிப் பேசலாம். அந்த வசதி டவுனில் கிடைக்காது.