பந்தலில் படிக்கும் இரங்கலுரை

காரியாபட்டியிலிருந்து அன்பர் ஒருவர், தம் பெரியப்பாவின் 16-ஆம் நாள் காரியத்தன்று நடக்கும் படத்திறப்பில் வாசிப்பதற்காக எழுதிய இரங்கலுரையின் நகலை நமக்கு அனுப்பி, பார்த்துத் திருத்தித் தரும்படி கேட்டிருந்தார். காலஞ்சென்றவர் அவ்வூர்க் கடைத்தெருவில் வெகு காலம் பலசரக்குக் கடை நடத்தியவர். நகலில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அதை அப்படியே வாசித்திருந்தால் பந்தலில் மூன்று பேராவது தலையைக் குனிந்துகொண்டிருப்பார்கள். நேயர்களில் பலருக்கும் இத்தகைய கடமை என்றேனும் வந்து சேருமாதலால், அன்பரின் சம்மதத்தின் பேரில், பெயர்களை நீக்கிவிட்டு, அந்த நகலை எவ்வாறு பார்த்தோம் என்பதை இங்கே எழுதுகிறோம்.

நகலைப் படிக்கத் தொடங்குமுன் பந்தலில் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று அன்பரை எழுதி அனுப்பச் சொன்னோம். பெரியம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பெண், பெண்ணைக் கொண்ட சம்பந்தி வீட்டார், பாகப் பிரிவினை வழக்கினால் பல வருஷங்களாகப் பேச்சு வார்த்தை இல்லாத சித்தப்பா, கடையில் வேலை பார்த்தவர்கள், கடனுக்குச் சரக்கு வாங்கிய கரிசல் காட்டுச் சம்சாரிகள், பக்கத்துக் கடை ராவுத்தர், கிறிஸ்தவரான பழைய உபாத்தியாயர், சென்னையிலிருந்து வரும் பேரக் குழந்தைகள். இந்த ஜாபிதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் இவர்கள் ஒவ்வொருவருடைய காதாலும் கேட்டுப் பார்ப்பதுதான் திருத்தும் வேலையில் பெரும் பகுதி.

நகலின் முதல் பக்கம் முழுவதும் அடைமொழிகள். "கொடை வள்ளல், பண்பின் சிகரம், ஏழை பங்காளர்" என்று நீண்டுகொண்டே போயிற்று. ஒரு வாக்கியத்தில் இறந்தவரின் பெயரை எடுத்துவிட்டு வேறொருவர் பெயரைப் போட்டாலும் அது பொருந்துமானால், அந்த வாக்கியம் இவரைப் பற்றியதல்ல. இந்தச் சோதனையில் முதல் பக்கம் முழுவதும் போய்விட்டது.

அதற்குப் பதிலாக என்ன வைப்பது? புறநானூற்றில் அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய கையறுநிலைப் பாட்டு இருக்கிறது. 235-ஆம் பாட்டு. வள்ளல் என்ற பட்டத்தை அடுக்குவதற்குப் பதிலாக, அவன் என்ன செய்தான் என்பதையே அதில் ஔவையார் சொல்லிக்கொண்டு போகிறார். கொஞ்சம் கள் கிடைத்தால் தங்களுக்கே கொடுத்துவிடுவான். நிறையக் கிடைத்தால் தாங்கள் பாடத் தானும் உடனிருந்து அருந்துவான். அம்பும் வேலும் வரும் இடத்தில் தானே போய் நிற்பான். புலால் நாறும் தம் தலையை நரந்தப்பூ மணக்கும் தன் கையால் தடவிக் கொடுப்பான் என்கிறார். அந்தக் கை தலையில் பட்ட இடத்தில் அதியமானை நாமும் கண்டுவிடுகிறோம்.

"உங்கள் பெரியப்பாவின் கை என்ன செய்யும்?" என்று அன்பருக்கு எழுதிக் கேட்டோம். பதில் உடனே வந்தது. சாமான் வாங்க வரும் குழந்தைகளுக்குப் பொட்டலம் கட்டியானதும், கொசுறாகப் பொரிகடலையோ ஒரு துண்டு வெல்லமோ எடுத்து உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மூடி அனுப்புவாராம். அந்தக் கொசுறை வாங்கித் தின்றவர்கள் இன்று நரை தலையோடு அந்தப் பந்தலில் உட்காரப் போகிறவர்கள். இதையே உரையின் தொடக்கமாக வைக்கச் சொன்னோம். ராவுத்தருக்கும் உபாத்தியாயருக்கும் சம்சாரிக்கும் பேரக் குழந்தைக்கும் விளக்கம் இல்லாமலே விளங்கும் கதை அது.

அடுத்து, நகலில் இருந்த மூன்று கதைகள். மழை பொய்த்த ஒரு வருஷம் இன்ன ஊர் இன்னாருடைய கடனை அவர் தள்ளிக் கொடுத்தார் என்பது முதலாவது. நல்ல கதைதான், ஆனால் கடன்பட்டவரின் மகன் மூன்றாவது வரிசையில் இருப்பான். தர்மத்தைச் சொல்லப் போய் அந்தக் குடும்பத்தின் வறுமையைப் பறைசாற்றுவதாகும். ஊரையும் பேரையும் எடுத்துவிட்டு, "அந்த வருஷத்துப் பற்று ஏட்டை அவர் மறுபடி திறக்கவில்லை" என்று ஒரே வாக்கியமாக்கினோம். தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

பெண்ணின் கல்யாணத்தில் சீர் விஷயமாக அவர் மாப்பிள்ளை வீட்டாரை மடக்கிய வேடிக்கை இரண்டாவது. பிறந்த வீட்டார் சிரிப்பார்கள். சம்பந்தி வீட்டார் சிரிக்க மாட்டார்கள். பெண் இருவருக்கும் நடுவே உட்கார்ந்திருப்பாள். அதை அடியோடு எடுத்துவிட்டோம். வீட்டுக்குள் இரவில் பேசிச் சிரிக்க வேண்டிய கதைகள் சில உண்டு. சிரிப்பே கூடாது என்பதல்ல. சிரிக்கிற கதையில் நகைப்புக்கு ஆளாகிறவர் இறந்தவராகவே இருக்கட்டும். ஒரு காதில் பென்சிலைச் செருகிக்கொண்டு கடை முழுவதும் அதைத் தேடுவார் என்று அன்பர் எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட்டோம்.

மூன்றாவது வழக்கு. "உடன்பிறந்தாரே துரோகம் செய்தபோதும் மனந்தளராதவர்" என்றிருந்தது. இதை எடுத்தது மட்டும் போதாது. சித்தப்பாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாவிட்டால் அந்த மௌனமே குற்றச்சாட்டாகிவிடும். சிறு வயதில் இருவரும் அருப்புக்கோட்டைக்கு மாட்டு வண்டியில் சரக்கெடுக்கப் போய், ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டு இரவில் திரும்புவார்களாம். அதைப் பெரியம்மாவிடம் கேட்டறிந்து சேர்க்கச் சொன்னோம். சமாதானம் பேச அது இடமல்ல. அண்ணன் தம்பி என்ற உண்மையை மட்டும் சொன்னால் போதும்.

இனி நிறை குறை. "அவர் ஒருநாளும் கோபித்ததில்லை" என்று நகலில் கண்டிருந்தது. கடையில் வேலை பார்த்தவர்கள் இதைக் கேட்டால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். பிறகு சொல்லும் மெய்யையும் நம்ப மாட்டார்கள். விசாரித்ததில், காலையில் சத்தம் போட்ட பையனை மாலையில் கூப்பிட்டுத் தம் பக்கத்திலேயே சாப்பிட உட்கார வைப்பார் என்று தெரிந்தது. இரண்டையும் சேர்த்து எழுதினால் மனிதர் உயிரோடு எழுந்து வருகிறார்.

பேசுகிறவர் தம் குறையைச் சொல்லுவதும் ஒரு வழி. 1933-ஆம் வருஷம் மே மாதம் நாகம்மையார் காலமானபோது, அவர் கணவர் ஈ.வெ.ரா. 'குடி அரசு' பத்திரிகையில் எழுதிய இரங்கலில், பெண்ணுரிமை பற்றித் தாம் பிறருக்குப் போதித்ததில் நூறில் ஒரு பங்காவது மனைவியிடம் நடந்துகொண்டதாகச் சொல்லத் தமக்கு யோக்கியதை இல்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார். அம்மையாரைப் பற்றிய புகழ்ச்சி அந்த ஒப்புதலால் கனம் பெறுகிறது. நமது அன்பரின் நகலிலோ மூத்த பிள்ளையின் பெயர் ஐந்து இடத்தில் வந்தது. இளையவர் பெயர் ஓரிடத்தில். கடைக் கணக்கை இரவெல்லாம் விளக்கடியில் கூட்டிச் சரிபார்த்த பெரியம்மா எங்குமே இல்லை. பெயர்களை ஒரு தாளில் எண்ணிப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் இது வெளியாகிவிடும்.

முடிவில், "சிவபதம் அடைந்தார்" என்ற சொல் குடும்பத்தாரின் நம்பிக்கை; அதை மாற்றவில்லை. ஆனால் அதன்பின் "நாம் அனைவரும் அவ்வாறே தொழுவோம்" என்றிருந்ததை, "அவரவர் வழியில் அவரை நினைப்போம்" என்று மாற்றினோம்.

பன்னிரண்டு பக்கம் மூன்றரைப் பக்கமாயிற்று. நிதானமாகப் படித்தால் ஏழெட்டு நிமிஷம். அன்பரை அதை வாய்விட்டு இரண்டு முறை படிக்கச் சொன்னோம். விரல்களை மூடும் இடத்தில் இரண்டு முறையும் குரல் தடைப்பட்டது என்று எழுதினார். அந்த வரிக்குப் பின் ஓர் அங்குலம் இடம் விட்டு எழுதிக்கொள்ளும்படியும், அங்கே சற்று நின்று தண்ணீர் குடிக்கும்படியும், அப்போதும் முடியாவிட்டால் தாளை வாங்கிப் படிக்க ஒருவரை அருகில் நிறுத்திக்கொள்ளும்படியும் பதில் எழுதியிருக்கிறோம்.