முன்பணம் திரும்பும் நாள்

பெங்களூருவில் நாங்கள் மூன்று ஆய்வு மாணவர்கள் சேர்ந்து ஒரு வீட்டில் குடியிருந்தோம். மாத வாடகை 18,000 ரூபாய். முன்பணம் ஐந்து மாத வாடகை, அதாவது 90,000 ரூபாய். மே 31 அன்று சாவியை ஒப்படைத்தோம். பணம் ஆகஸ்ட் இறுதியில் வந்தது. வந்த தொகை 58,000. வண்ணம் பூச 18,000, பழுதுபார்க்க 12,000, மின்கட்டணம் 2,000 எனக் கழிக்கப்பட்டிருந்தது. இடைப்பட்ட மூன்று மாதங்களில் அடுத்த வீட்டுக்கான முன்பணத்தைக் கடன் வாங்கிக் கட்டினோம்.

வீட்டுக்காரரைக் குறை கூறுவது எளிது. ஆனால் ஒப்பந்தத்தை மீண்டும் எடுத்துப் படித்தபோது, குறை நாங்கள் கையெழுத்திட்ட ஒரே வாக்கியத்தில் இருப்பது தெரிந்தது: ‘வீட்டைக் காலி செய்யும்போது, பாக்கியும் சேதமும் கழித்து, முன்பணம் வட்டியின்றித் திருப்பித் தரப்படும்.’ மாணவர்கள் கையெழுத்திடும் பதினொரு மாத ஒப்பந்தங்கள் பலவற்றில் இவ்வாக்கியம் ஏறத்தாழ இதே வடிவில் இருக்கிறது. இதில் மூன்று இடைவெளிகள் உள்ளன.

முதலாவது, நாள். ‘காலி செய்யும்போது’ என்பதை நாங்கள் சாவி கொடுக்கும் நாள் என்று கொண்டோம். வீட்டுக்காரரோ அடுத்த குடித்தனக்காரர் முன்பணம் தரும் நாள் என்று கொண்டார். 1978ஆம் ஆண்டின் வட்டிச் சட்டப்படி, எழுத்து ஆவணத்தில் குறிப்பிட்ட நாளில் தரவேண்டிய கடனாக இருந்தால், அந்த நாளிலிருந்தே வட்டி வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நாள் குறிக்கப்படாவிட்டால், வட்டி கோரி எழுத்தில் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அதில் குறிப்பிடும் நாளிலிருந்துதான் கணக்கு. நாங்கள் தொலைபேசியில் மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம். தேதி ஒன்றை எழுதாததன் விலை அதுதான்.

இரண்டாவது, ‘சேதம்’ என்னும் சொல். சொத்து மாற்றுச் சட்டம் (1882), பிரிவு 108, வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தருமாறு குடித்தனக்காரரைப் பணிக்கிறது. இயல்பான தேய்மானத்துக்கு விலக்கும் அளிக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறாக எழுதியிருந்தால் எழுதியதே செல்லும். வண்ணம் பூச ஒரு மாத வாடகை என்று எங்கள் ஒப்பந்தத்தில் தனியே எழுதியிருந்ததால் அந்த 18,000 பற்றி வாதிட இடமில்லை. பழுதுபார்ப்புக் கணக்கில் சுவர்க் கறையும் இருந்ததுதான் சிக்கல். ஒரே சுவருக்கு இருமுறை கழித்திருக்கிறார்கள். சமையலறைக் குழாய் நாங்கள் வரும்போதே கசிந்துகொண்டிருந்தது. அதை மெய்ப்பிக்க எங்களிடம் ஒரு புகைப்படம்கூட இல்லை. அவரிடமும் ரசீது இல்லை.

மூன்றாவது, பணம் யாருக்கு உரியது என்பது. எங்களுள் ஒருவர் டிசம்பரில் வெளியேறினார். புதிதாக வந்தவர் 30,000 ரூபாயை அவரிடமே கொடுத்தார். ஒப்பந்தத்திலோ பழைய பெயரே நின்றது. வீட்டுக்காரரைப் பொறுத்தவரை புதியவர் பணமே தரவில்லை. எங்களிடையே பிணக்கு எழவில்லை என்பது நட்பின் தயவேயன்றி ஆவணத்தின் பாதுகாப்பு அன்று.

2021ஆம் ஆண்டின் மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்புக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் அடக்குகிறது; வீட்டை ஒப்படைக்கும் நாளிலேயே, உரிய கழிவு போக, அதைத் திருப்பித் தரச் சொல்கிறது. ஆனால் அது மாதிரி மட்டுமே. மாநிலம் சட்டமாக இயற்றினால்தான் பிணைக்கும். அதுவரை நம் கையில் இருப்பது ஒப்பந்த வாசகமே.

வீட்டுக்காரரின் அச்சத்திலும் நியாயம் உண்டு. கடைசி மின்கட்டணம் நாம் போன பின்னரே வருகிறது. ஆகவே நான் முன்வைக்கும் வாசகம் இரு தரப்புக்கும் இடம் தருவது: ‘சாவி ஒப்படைக்கும் நாளில் முன்பணத்தில் 5,000 ரூபாயை மட்டும் நிறுத்திவைத்து மீதி தரப்படும். நிறுத்திய தொகை 30 நாட்களுக்குள் கணக்குடன் தீர்க்கப்படும். இணைப்புப் பட்டியலில் குறித்த நிலைக்கும் இயல்பான தேய்மானத்துக்கும் அப்பாற்பட்ட சேதத்துக்கு மட்டும், ரசீதின் அடிப்படையில், கழிவு செய்யப்படும். வண்ணப்பூச்சுக்குத் தனித்தொகை பெற்றால் சுவருக்கு வேறு கழிவு இல்லை.’ குடிபுகும் நாளில் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கப் பட்டியலும், ஆள் மாறும்போது வீட்டுக்காரர் ஒப்பமிட்ட ஒரு கடிதமும் இதனுடன் சேர வேண்டும்.

வீடு தேடி அலையும் மாணவர் தனியாக இதைக் கேட்டால், ‘வேறு வீடு பாருங்கள்’ என்ற பதிலே கிடைக்கும் என்பதை அறிவேன். அதனால்தான் இதைத் தனிமனித விழிப்புக்கு விட்டுவிடக் கூடாது என்கிறேன். விடுதியில் இடம் தர இயலாத பல்கலைக்கழகம், இவ்வாசகமும் பட்டியலும் கொண்ட ஒப்பந்தப் படிவம் ஒன்றைத் தன் பெயரில் வெளியிடலாம். வளாகத்தைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் ஆண்டுதோறும் மாணவரையே எதிர்பார்ப்பவர்கள். மாணவர் ஒருவர் கேட்டால் மறுப்பதை, எல்லா மாணவரும் ஒரே தாளை நீட்டும்போது அவ்வளவு எளிதாக மறுக்க மாட்டார்கள்.