எல்லாமே 'ஆஃபரிங்' தானா?

கோயில் அலுவலக வாசலில் மாட்டியிருக்கும் கட்டண விவரப் பலகையைப் புகைப்படம் எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரில் ஆங்கிலம் எழுதிக் கொடுப்பது இப்போது பல இடங்களில் நடக்கிறது. சுற்றுலா வழிகாட்டிகள் செய்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பேரப்பிள்ளைகளுக்காக வீட்டிலேயே சிலர் செய்கிறார்கள். தேவையான வேலைதான். ஆனால் செய்யப்படுகிற விதத்தோடு எனக்குத் தீராத சண்டை உண்டு.

அப்படி என் கைக்கு வந்த ஒரு தாளையே எடுத்துக்கொள்கிறேன். ஒரு முருகன் கோயில் பலகையின் படம். வரிகள் இவை: அர்ச்சனை, பால் அபிஷேகம், சந்தன அபிஷேகம், சந்தனக்காப்பு, மாலை சாத்துதல், நெய்விளக்கு ஏற்றுதல், சிதறுதேங்காய், முடி காணிக்கை செலுத்துதல். எதிரே இருந்த ஆங்கிலம்: நேம் ஆஃபரிங், மில்க் ஆஃபரிங், சாண்டல் ஆஃபரிங், மறுபடியும் சாண்டல் ஆஃபரிங், கார்லண்ட் ஆஃபரிங், லேம்ப் ஆஃபரிங், கோகனட் ஆஃபரிங், ஹேர் ஆஃபரிங்.

அகராதியை வைத்துப் பார்த்தால் இதில் எதையும் தப்பென்று சொல்ல முடியாது. எல்லாமே சாமிக்குக் கொடுப்பதுதானே என்பார்கள். ஆனால் இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சீட்டு வாங்கப் போகிறவருக்கு என்ன தெரிய வேண்டும்? பொருளை நான் வாங்கி வர வேண்டுமா, கோயிலே வைத்துக்கொள்ளுமா? செய்வது நானா, அர்ச்சகரா? கொடுத்தது திரும்பி வருமா? எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? எட்டு வரிகளுக்கும் ஒரே சொல்லைப் போட்ட தாள் இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. பாதிப் பதிலைப் பலகை ஏற்கெனவே சொல்லியிருந்தது. மொழிபெயர்த்தவர் அதையும் அழித்துவிட்டார்.

பலகையின் வினைச்சொற்களைப் பாருங்கள். மாலையைச் 'சாத்துகிறோம்'. விளக்கை 'ஏற்றுகிறோம்'. முடியைச் 'செலுத்துகிறோம்'. அர்ச்சனையையும் அபிஷேகத்தையும் 'செய்கிறோம்', பேச்சில் 'பண்றோம்'. சாத்துதல் என்றால் சாமியின் திருமேனி மேல் அணிவிப்பது. அது அர்ச்சகர் கைவேலை. நாம் மாலையைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்கிறோம். ஏற்றுதல் நம் கைவேலை. கோயில் சுட்டிக்காட்டும் இடத்தில் அகலை வைத்துவிட்டு வருகிறோம். செலுத்துதல் கடனுக்கு உரிய சொல். நேர்ந்துகொண்டதைத் தீர்ப்பது அது, திரும்பி வராது. இந்த நாலு வினைகளும் போய் ஒரு 'ஆஃபரிங்' வந்து உட்கார்ந்ததும், யார் செய்கிறார்கள் என்பதும் பொருள் எங்கே போகிறது என்பதும் சேர்ந்தே போய்விட்டன.

தேங்காயில் இந்தக் குழப்பம் பளிச்சென்று தெரியும். அர்ச்சனைத் தட்டிலும் தேங்காய் உண்டு, சிதறுதேங்காயும் தேங்காய்தான். அர்ச்சனைத் தேங்காய் சன்னிதியில் இரண்டாக உடைக்கப்படுகிறது. சாமிக்குக் காட்டிய பிறகு இரண்டு மூடியும், சில கோயில்களில் ஒரு மூடியும், தட்டோடு நம்மிடம் வரும். வீட்டுக்குப் போய்ச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளலாம். சிதறுதேங்காயைப் பெரும்பாலும் பிள்ளையார் முன்னால் உள்ள கல்லில் நாமே ஓங்கி அடிக்கிறோம். சில்லுகளை நாம் பொறுக்குவதில்லை, பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் பொறுக்கிக்கொள்வார்கள். ஒன்றில் பொருள் பிரசாதமாக நம்மிடம் திரும்புகிறது. மற்றதில் ஊருக்குப் போகிறது. தாளில் இரண்டும் 'கோகனட் ஆஃபரிங்'. படித்துவிட்டு வந்தவர் சிதறிய சில்லைத் தட்டில் சேகரிப்பார், அல்லது அர்ச்சனை மூடியை வாங்காமலே போவார்.

அடுத்து அர்ச்சனை. 'நேம் ஆஃபரிங்' என்றால் பெயரைக் கொடுப்பதா, யார் பெயரை? இங்கே இரண்டு வகைப் பெயர்கள் வருகின்றன என்பதே அந்தச் சொல்லில் தெரியாது. நடப்பது இதுதான். சீட்டையும், தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, பூ, கற்பூரம் உள்ள தட்டையும் கொடுக்கிறோம். "யார் பேருக்கு?" என்பார் அர்ச்சகர். பெயர், நட்சத்திரம், தெரிந்தால் கோத்திரம் சொல்கிறோம். இன்னாருக்காக இது செய்யப்படுகிறது என்று அவர் சொல்லித் தொடங்குவது சங்கல்பம். நம் பெயர் வருவது இந்த இடத்தில் மட்டும். அதன் பிறகு அவர் சொல்வதெல்லாம் சாமியின் பெயர்கள். வடமொழியில் ஒவ்வொரு பெயரும் 'நமஹ' என்று முடியும், தமிழில் 'போற்றி' என்று முடியும். ஒரு பெயருக்கு ஒரு பூ, அல்லது ஒரு சிட்டிகை குங்குமம். 108 பெயர் என்றால் அஷ்டோத்திரம், ஆயிரம் என்றால் சஹஸ்ரநாமம். கூட்ட நாளில் சாதாரணச் சீட்டுக்குச் சில பெயர்களோடு முடிந்துவிடும். கடைசியில் தேங்காய் உடைத்து, நைவேத்தியம் காட்டி, மணி அடித்துக் கற்பூரம் காட்டுகிறார். தட்டு திரும்பி வருகிறது.

நட்சத்திரம் தெரியாத வெளியூர்க்காரர் இந்தக் கேள்வியில் திணறி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்று ஒரு வரி சொன்னால் போதும், அர்ச்சகர் மேற்கொண்டு கேட்க மாட்டார். நம்மூரில் பாதிப்பேர் அப்படித்தான் சொல்கிறார்கள். எந்த ஆங்கில விளக்கத்திலும் இந்த ஒரு வரியை நான் பார்த்ததில்லை.

அதற்குப் பதிலாக என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? தத்துவம். தேங்காய் ஓடு ஆணவம், உள்ளே வெள்ளைப் பருப்பு தூய மனம், கற்பூரம் எரிந்து ஒன்றுமில்லாமல் போவது ஆன்மா கரைவது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கோயிலுக்குள்ளும் இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் மூடி திரும்பி வருமா என்று தெரியாதவருக்கு ஆணவம் உடைவதைச் சொல்வது, பசியோடு வந்தவருக்குப் பந்தி எங்கே என்று காட்டாமல் அன்னத்தின் மகிமை பேசுவது மாதிரி. செயல்முறையைச் சொல்லத் தெரியாத இடத்தை நிரப்பத்தான் குறியீடு வந்து நிற்கிறது என்று எனக்குச் சந்தேகம்.

இரண்டு முறை வந்த 'சாண்டல் ஆஃபரிங்'தான் அந்தத் தாளின் பெரிய அநியாயம். அபிஷேகம் என்றால் ஊற்றுவது. எண்ணெயில் தொடங்கி, மாவுப்பொடி, மஞ்சள், பால், தயிர், பஞ்சாமிர்தம், இளநீர், விபூதி என்று போகும். வரிசை கோயிலுக்குக் கோயில் கொஞ்சம் மாறும். ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர் ஊற்றிக் கழுவுவார்கள். சந்தனம் பெரும்பாலும் கடைசிப் பக்கம் வரும். கரைத்த சந்தனம், ஊற்றியதும் வழிந்து ஓடிவிடும். பிறகு திரை போடுவார்கள். திரைக்குப் பின்னால் அலங்காரம். திரை விலகும்போது தீபாராதனை. திரை போட்டதும் முடிந்துவிட்டது என்று எழுந்து போகும் விருந்தாளிகள், காசு கட்டியதில் எதைப் பார்க்க வந்தார்களோ அதைத் தவறவிடுகிறார்கள்.

சந்தனக்காப்பு வேறு. கெட்டியாக அரைத்த சந்தனத்தைத் திருமேனி முழுக்கப் பூசி, கண், மூக்கு, ஆடை மடிப்பு எல்லாம் சந்தனத்திலேயே எடுப்பார்கள். அது மணிக்கணக்கில் அப்படியே இருக்கும், பின்னர்தான் களைவார்கள். 'காப்பு' என்ற சொல்லுக்குள் காத்தல் இருக்கிறது. உத்தரகோசமங்கையில் மரகத நடராஜர் ஆண்டு முழுவதும் சந்தனத்துக்குள்தான் இருக்கிறார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் சந்தனம் களைந்து, அபிஷேகம் செய்து, மறுபடியும் பூசுகிறார்கள். அங்கே காப்பு என்பது உடுப்பும் கவசமும். பழனியில் இரவில் சாத்தும் ராக்காலச் சந்தனம் மறுநாள் காலை பிரசாதமாகிறது. ஊற்றுவதையும் பூசுவதையும் ஒரே சொல்லால் சொன்னவருக்கு இதில் எதையும் சொல்ல வழி இருக்காது.

இன்னொன்றும் உண்டு. எல்லாச் சிலைக்கும் அபிஷேகம் கிடையாது. ஸ்ரீரங்கத்துப் பெருமாள் சுதைத் திருமேனி, அவருக்குத் தைலக்காப்பு. சமயபுரத்து மூலவரும் சுதைதான், அபிஷேகம் உற்சவருக்கு நடக்கிறது. அபிஷேகச் சீட்டு வாங்கிக்கொண்டு மூலவர் முன்னால் காத்திருப்பவருக்கு இதை யாராவது சொல்ல வேண்டாமா? பெருமாள் கோயில் பலகையில் அபிஷேகம் என்றே பெரும்பாலும் இருக்காது, 'திருமஞ்சனம்' என்று இருக்கும். நைவேத்தியம் 'தளிகை' ஆகிவிடும். பலகையின் சொல்லே இது எந்த மரபு என்று காட்டிக்கொடுக்கிறது. இரண்டையும் 'ஹோலி பாத்' என்று எழுதினால் அந்த அடையாளமும் போய்விடுகிறது.

"வர்றவங்களுக்கு இவ்வளவு எதுக்கு, ஒரு வார்த்தை போதும்" என்று வழிகாட்டும் தொழிலில் இருக்கும் நண்பர் ஒருவர் என்னிடம் வாதாடினார். நான் கட்டுரை கேட்கவில்லை. வரிக்கு இரண்டே வாக்கியம் கேட்கிறேன். சந்தனக்காப்பு: 'அர்ச்சகர் சிலை முழுவதும் கெட்டிச் சந்தனம் பூசி அலங்கரிப்பார், முன்பதிவு உண்டா, எப்போது தரிசிக்கலாம் என்று அலுவலகத்தில் கேளுங்கள்.' முடி காணிக்கை: 'வேண்டுதல் உள்ளவர்கள் மொட்டை அடித்துக்கொள்வார்கள், முடி கோயிலுக்குச் சேரும்.' பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் செயலைச் சொன்னால் போதும். பெயருக்குப் பெயர் தேடுவதால்தான் 'ஆஃபரிங்'கில் போய் முட்டிக்கொள்கிறோம்.

கூடவே, படம் எடுத்த தேதியையும் எழுதுங்கள். மொட்டைக்குக் கட்டணம் இல்லை என்று 2021இல் அரசு அறிவித்தது. அதற்கு முன்பு எடுத்த படத்தை வைத்து, அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக்குக் கட்டணம் உண்டு என்று இன்னும் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும் தாள்கள் உண்டு. 'சிறப்பு தரிசனம்' என்ற வரிக்கும் ஒரு வார்த்தை சேருங்கள்: அது பூஜை அல்ல, குறுகிய வரிசை, அவ்வளவுதான். அதைத் தனி வழிபாடு என்று நினைத்துக் காசு கட்டிவிட்டு, அர்ச்சகர் தன் பெயரைக் கேட்கவே இல்லையே என்று வருத்தத்தோடு வெளியே வருகிறவர்களுக்கு அந்தத் தாளைக் கொடுத்தவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.