உறவுக்குள் கணக்கு எதற்கு என்பவர்களுக்கு



முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தவன் போன மாதம் ஒரு கணக்கில் தவறினேன். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

மதுரையிலிருந்து சென்னைக் கல்யாணத்துக்கு என் அக்கா மகன் காரில் ஐந்து பேர் போய் வந்தோம். திரும்பியதும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் மைத்துனர் கணக்குப் போட்டார். போக வர 920 கிலோமீட்டர். கார் கம்பெனி சொல்லும் மைலேஜ் 22. ஆக 42 லிட்டர் பெட்ரோல். லிட்டர் 101 ரூபாய் வீதம் 4,242 ரூபாய். தலைக்கு 850 போதும் என்றார். நாங்கள் நால்வரும் அனுப்பிவிட்டோம். "சரி மாமா" என்று மட்டும் பையன் சொன்னான்.

அடுத்த வாரம் அவன் வீட்டுக்குப் போனபோது பெட்ரோல் பில்களை வாங்கிப் பார்த்தேன். கிளம்பும்போது டேங்க்கை நிரப்பி, டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைத்திருக்கிறான். திரும்பி வந்ததும் அதே பங்க்கில் மறுபடி நிரப்பியிருக்கிறான். வழியில் போட்டதையும் கடைசியில் நிரப்பியதையும் கூட்டினால் 67.3 லிட்டர். மீட்டர் காட்டியது 1,010 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள். 15தான் வருகிறது.

22 எங்கே போனது? அந்த எண் சோதனைக்கூடத்தில், உருளைகள் மேல் சக்கரத்தை ஓடவிட்டு, ஏசி போடாமல் எடுத்தது. நாம் போனதோ ஐந்து ஆள், பெட்டிகள், முழு ஏசி. போதாததற்கு "சீக்கிரம் போப்பா" என்று பின்சீட்டிலிருந்து விரட்டியதும் நாமேதான். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும் என்பது பள்ளிப் பாடம். 80இல் போகும் காரை 110க்கு விரட்டினால் அந்த எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதைப் பெட்ரோல்தான் ஈடுகட்ட வேண்டும்.

கூடுதல் 90 கிலோமீட்டர்? மண்டபத்துக்கும் அறைக்கும் அலைந்தது, தி.நகரில் புடவை வாங்கப் போனது, மயிலாப்பூர் கோயிலுக்குப் போனது. மேப் காட்டும் தூரத்தில் இதெல்லாம் இருக்காது. நெரிசலில் நின்று நின்று போகும் ஒவ்வொரு கிலோமீட்டரும் நெடுஞ்சாலையைவிட அதிகம் குடிக்கும்.

அடுத்தது சுங்கச்சாவடி. காசை எண்ணிக் கொடுத்த காலத்தில் பக்கத்தில் இருப்பவர் பர்ஸை எடுப்பார். இப்போது பாஸ்டேக். கண்ணாடியில் ஒட்டிய பட்டை, உரிமையாளர் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் பணத்தை எடுத்துக்கொள்கிறது. குறுஞ்செய்தி அவன் போனுக்கு மட்டும் வருகிறது. நமக்குத் தெரியாததால் செலவே இல்லை என்று ஆகிவிடுமா? போக வர 1,380 ரூபாய். பார்க்கிங் மூன்று இடத்தில் 260.

கூட்டுங்கள். பெட்ரோல் 6,797, சுங்கம் 1,380, பார்க்கிங் 260. மொத்தம் 8,437. ஐந்தால் வகுத்தால் தலைக்கு 1,687. நாங்கள் கொடுத்தது பாதி. பையன் கையை விட்டுப் போனது 5,037 ரூபாய். அவன் பங்கைவிட 3,350 அதிகம். வண்டியும் அவனது, ஓட்டிய களைப்பும் அவனது, கட்டும் தவணையும் அவனது. அடுத்த விசேஷத்துக்கு "கார் சர்வீஸில் இருக்கு" என்று அவன் சொன்னால் நாமே அவனைக் கஞ்சன் என்போம்.

"உறவுக்குள் கணக்குப் பார்க்கலாமா?" என்று கேட்பவர்களே, 850 என்று கணக்குப் பார்த்தது யார்? நாம்தானே! பார்த்த கணக்கைச் சரியாகப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

கார் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஐந்நூறுக்குப் போடு" என்று போட்டுக்கொண்டே இருந்தால் உங்கள் வண்டியின் மைலேஜ் உங்களுக்கே தெரியாது. பங்க் குழாய் தானாக நிற்கும்வரை நிரப்புங்கள். அதற்கு மேல் திணிக்காதீர்கள், அளவு தப்பிவிடும். மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். அடுத்த முறையும் அதேபோல் நிரப்பி, ஓடிய தூரத்தை விழுந்த லிட்டரால் வகுங்கள். மூன்று முறை செய்தால் நம்பகமான எண் கிடைக்கும். கிளம்பும் முன் அந்த எண்ணை வைத்து, மேப் தூரத்தோடு ஊர் சுற்றும் தூரத்தையும் சேர்த்து, பழைய பாஸ்டேக் பட்டியலில் உள்ள சுங்கத்தையும் கூட்டித் தொகையைச் சொல்லிவிடுங்கள். திரும்பியதும் பில்லை வைத்து நேர் செய்துகொள்ளலாம். டயர் தேய்மானம், சர்வீஸ் செலவு இதில் வராது. அது உங்கள் அன்பளிப்பாக இருக்கட்டும்.

மீதி 837 ரூபாயை நான் நேற்று அனுப்பிவிட்டேன். "எதுக்கு மாமா இதெல்லாம்" என்றான். அவன் குரலில் இருந்த நிம்மதி எனக்குக் கேட்டது. பாக்கி மூவரும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும்.